நீள இடமில்லாத குழாய்

திருப்பூர் பக்கம் சாயப்பட்டறை நடத்தும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: ‘பாய்லர் ஹெடரிலிருந்து ஒரு மீட்டரில் சுவர். அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு 2 அங்குல ஸ்டீம் குழாய் 20 மீட்டர் ஓடி, எதிர்ச் சுவர் வழியாக மெஷின் ஹாலுக்குள் போகிறது. இரண்டு சுவரிலும் துளையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டோம். அழுத்தம் 7 கிலோ. பாய்லர் சூடானதும் குழாய் நடுவில் பக்கவாட்டில் வளைந்து பிராக்கெட்டை விட்டே நழுவுகிறது. இரவில் குளிர்ந்ததும் பழையபடி நேராகிவிடுகிறது. ஹெடர் பக்கம் இருக்கும் ஒரு மீட்டர் துண்டு அசையவே இல்லை. ஆனால் அதிலுள்ள பிளேஞ்ச் காலையில் பாய்லரைப் பற்றவைக்கும்போது ஒழுகுகிறது, சூடேறியதும் நின்றுவிடுகிறது. போன மாதம் அதே துண்டில் ஒரு வெல்டும் விரிந்தது. கனமான குழாயாக மாற்றி, 3 மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிடலாம் என்கிறார் வெல்டர். செய்யலாமா?’

செய்ய வேண்டாம். வெல்டர் சொல்லும் இரண்டு வைத்தியமும் நோயைக் கூட்டும். ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும்.

7 கிலோ அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸ். குழாயைப் பொருத்திய அன்று அது 30 டிகிரியில் இருந்திருக்கும். ஆக 140 டிகிரி ஏற்றம். சாதாரண இரும்புக் குழாய் ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். தடை இல்லாவிட்டால் உங்கள் 20 மீட்டர் குழாய் 34 மில்லிமீட்டர் நீண்டிருக்கும், ஒரு மீட்டர் துண்டு 1.7 மில்லிமீட்டர். இரண்டு முனையும் சிமெண்டில் இருப்பதால் அந்த நீளம் போக இடமில்லை. நீளப் பார்க்கும் குழாயை அதே அளவுக்குச் சுவர்கள் உள்ளே நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தால் உலோகத்துக்குள் பிறக்கும் தகைவுதான் நம் விஷயம். சூத்திரம் இவ்வளவுதான்:

σ = E · α · ΔT

E என்பது யங் குணகம், இரும்புக்குச் சுமார் 2,00,000 மெகாபாஸ்கல். α மேலே சொன்ன நீட்சிக் குணகம். பெருக்கிப் பார்த்தால் ஒரு டிகிரிக்கு 2.4 மெகாபாஸ்கல் வருகிறது. ஒரு மெகாபாஸ்கல் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன், கிட்டத்தட்ட 100 கிராம் எடை. இந்த 2.4-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இரும்புக் குழாய் எதற்கும் மனக்கணக்காகவே தகைவைச் சொல்லிவிடலாம். 140 டிகிரிக்கு 336 மெகாபாஸ்கல்.

இந்தச் சூத்திரத்தில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். நீளம் இல்லை, குழாயின் கனமும் இல்லை. நீளம் கூடினால் நீட்சி கூடும், ஆனால் அந்த நீட்சியை நெருக்க வேண்டிய நீளமும் அதே விகிதத்தில் கூடுவதால் இரண்டும் அடிபட்டுப் போகின்றன. ஒரு மீட்டர் துண்டிலும் 20 மீட்டர் குழாயிலும் கணக்குப்படி அதே 336தான். கனத்தைக் கூட்டினாலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அதே தகைவு, சதுர மில்லிமீட்டர்கள்தான் அதிகம். அதாவது சுவரைத் தள்ளும் மொத்த விசை கூடும். ஷெட்யூல் 40 குழாயின் உலோகக் குறுக்குவெட்டு ஏறத்தாழ 690 சதுர மில்லிமீட்டர், ஷெட்யூல் 80-இல் 950. கனமான குழாய் போட்டால் சுவரும் ஹெடரும் வாங்கும் தள்ளல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும், குழாய்க்குள் தகைவு துளியும் இறங்காது.

கனத்தைக் கூட்டலாம் என்ற யோசனை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததே. அழுத்தம் அதிகமானால் கனத்தைக் கூட்டுவது சரியான வழக்கம். ஆனால் உங்கள் குழாயில் 7 கிலோ அழுத்தம் சுற்றுவாட்டில் உண்டாக்கும் தகைவு வெறும் 5 அல்லது 6 மெகாபாஸ்கல். நீராவியின் அழுத்தத்தை உங்கள் குழாய் பொருட்படுத்தவே இல்லை. அதன் சூடுதான் இத்தனையும் செய்கிறது. லேக்கிங் சுற்றினாலும் இது மாறாது. லேக்கிங் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கும், குழாயின் உலோகம் நீராவியின் வெப்பநிலையில்தான் இருக்கும்.

இனி, ஒரே தகைவு வரவேண்டிய இரண்டு துண்டும் ஏன் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்ற கேள்வி. நீளம் தகைவைத் தீர்மானிப்பதில்லை என்றேன். அந்தத் தகைவு முழுவதும் வந்து சேருமா, அதற்குள் குழாய் தப்பித்துவிடுமா என்பதை நீளம்தான் தீர்மானிக்கிறது. நெடிய மெல்லிய தண்டை முனையில் அழுத்தினால் நசுங்குவதற்கு வெகுமுன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும். எவ்வளவு சூட்டில் வளையும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இரு முனையும் இறுகப் பிடித்த நேரான தண்டுக்கு:

ΔT = 4π² r² / (α L²)

இங்கே r என்பது குறுக்குவெட்டின் சுழற்சி ஆரம், 2 அங்குலக் குழாய்க்கு 20 மில்லிமீட்டர். L 20 மீட்டர் என்று போட்டால் வரும் விடை 3 டிகிரி சொச்சம். பாய்லரைப் பற்றவைத்துக் குழாய் தொடும் சூட்டுக்கு வருவதற்குள்ளேயே வளைய ஆரம்பித்துவிடுகிறது. இந்தச் சூத்திரத்தில் E இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. உலோகத்தின் விறைப்பைக் கூட்டி வளைவைத் தள்ளிப்போட முடியாது.

வளைந்துவிட்ட குழாய் சுவரைத் தள்ளும் விசை அரை டன் அளவிலேயே நின்றுவிடும். மிச்ச நீட்சியெல்லாம் வளைவுக்குள் போகிறது. 34 மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். முனைகள் நகராமல் அத்தனை நீளமும் வளைவாக வேண்டுமானால், நடுவில் சுமார் அரை மீட்டர் விலக வேண்டும். குழாய் பிராக்கெட்டை விட்டு நழுவுவதற்குக் காரணம் இதுதான். அப்படி வளையும்போது உலோகத்தில் வரும் வளைவுத் தகைவு 150 மெகாபாஸ்கல் சுமார். சாதாரணக் குழாய் இரும்பின் இளகு எல்லை 240 சுமார். எல்லைக்குள் இருப்பதால் இரவில் குளிர்ந்ததும் நேராகிவிடுகிறது. பார்க்கப் பயமாக இருந்தாலும், இந்த 20 மீட்டர் பகுதி தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பிராக்கெட்டிலிருந்து விழுந்து யார் மேலாவது படும் ஆபத்து மட்டும் உண்மையானது.

இந்த நிலையில் வெல்டர் சொன்னபடி 3 மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு 3 மீட்டரும் தனித்தனித் தண்டாகிறது. ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமுமாக வளைய முயலும். அதற்கு 37 டிகிரி ஏற்றம் தேவைப்படும். அதுவரை குழாய் நேராகவே நிற்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் சுவரை அது 6 டன் விசையோடு தள்ளிக்கொண்டிருக்கும். முன்பு அரை டன். கிளாம்ப் போட்டு வளைவை மறைத்ததற்கு விலை, சுவர் மேல் பதினோரு மடங்கு தள்ளல். 37-ஐத் தாண்டி 140 டிகிரிக்கு ஏறும்போது ஏதோ ஒரு கிளாம்ப் முதலில் தோற்கும். மொத்த நீட்சியும் அந்த ஒரு இடத்துக்கு ஓடி, குழாயை நிரந்தரமாக மடித்துவிடும். ஒன்பதங்குலச் செங்கல் சுவரில் குழாய் நுழையும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி விரிசல் கண்டால் அதன் காரணத்தை அஸ்திவாரத்தில் தேட வேண்டாம்.

இப்போது அந்த அசையாத ஒரு மீட்டர் துண்டுக்கு வருவோம். எனக்குக் கவலை தருவது இதுதான். மேலே சொன்ன சூத்திரத்தில் L ஒரு மீட்டர் என்று போட்டால், வளைவதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும் என்று வரும். அதாவது வளைந்து தப்பிக்கும் வழியே அதற்கு இல்லை. ஹெடர் அஸ்திவாரத்தில் போல்ட் போட்டு நிற்கிறது, மறுமுனை சிமெண்டில். சூடு ஏற ஏற ஒரு டிகிரிக்கு 2.4 வீதம் தகைவு ஏறி, 100 டிகிரி ஏற்றத்தில் இளகு எல்லையைத் தொட்டுவிடும். சூட்டில் அந்த எல்லையே கொஞ்சம் இறங்கும் என்பதால், சற்று முன்னதாகவே தொடலாம். அப்போது அந்தத் துண்டு தள்ளும் விசை ஏறத்தாழ 17 டன். ஷெட்யூல் 80 போட்டிருந்தால் 23 டன். நெடுங்குழாய் ஆர்ப்பாட்டமாக வளைந்து அரை டன் தள்ளும்போது, இந்தக் குட்டித் துண்டு சத்தமில்லாமல் ஹெடரின் நாசிலை 17 டன்னால் அமுக்கிக்கொண்டிருக்கிறது.

இது முழுத் தடைக்கான எண் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நிஜத்தில் எந்தச் சுவரும் மலை அல்ல. ஒரு மீட்டர் துண்டின் மொத்த நீட்சியே 1.7 மில்லிமீட்டர்தான் என்பதால், சுவரும் ஹெடரும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் இடம் கொடுத்தாலே தகைவு 336-இலிருந்து 136-க்கு இறங்கிவிடும். சூத்திரத்தில் நீட்சியிலிருந்து அந்த இடைவெளியைக் கழித்துக்கொண்டால் போதும்:

σ = E (α ΔT − δ / L)

δ என்பது முனைகள் கொடுக்கும் இடம். இதே ஒரு மில்லிமீட்டரை 20 மீட்டர் குழாய்க்குக் கொடுத்தால் ஒன்றும் குறையாது, நீட்சி 34 அல்லவா. ஆகவே குட்டைத் துண்டுகளில் தடை எவ்வளவு கெட்டியானது என்பதே எல்லாம். உங்கள் துளையைப் பூசியவர் கெட்டிக்காரர் என்றால், பாதிப்பு அந்த அளவுக்கு அதிகம்.

அந்தத் துண்டு உண்மையாகவே எல்லையைத் தாண்டியிருக்கிறது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது: காலையில் ஒழுகி, சூடானதும் நிற்கும் பிளேஞ்ச். பொதுவாக ஒழுகல் சூட்டிலும் அழுத்தத்திலும் அதிகமாக வேண்டும். இங்கே தலைகீழாக நடக்கிறது. 336 வரவேண்டிய இடத்தில் இரும்பு 240-க்கு மேல் தாங்காமல் இளகி, மிச்ச 96-க்குச் சமமான அளவு நிரந்தரமாகக் குறுகிவிட்டது. அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் குளிரும்போது குழாய் 140 டிகிரிக்கான முழு அளவும் சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே குறுகிப்போனதால் இரு முனைக்கும் இடையே அதற்கு நீளம் போதாது. இப்போது சுவரும் ஹெடரும் அதைப் பிடித்து இழுக்கின்றன. பகல் முழுவதும் அமுக்கத்தில் இருந்த துண்டு இரவில் 96 மெகாபாஸ்கல் இழுவையில் நிற்கிறது; 6 டன்னுக்கு மேலான அந்த இழுவை பிளேஞ்சின் இரண்டு முகத்தையும் பிரிக்கப் பார்க்கிறது. காலையில் முதல் நீராவி வரும்போது கேஸ்கட் தளர்ந்திருப்பது அதனால்தான். சூடேறியதும் அமுக்கம் திரும்பி வந்து முகங்களை ஒட்டவைக்கிறது.

ஆகவே, ஒழுகல் காலையிலா மாலையிலா என்று கேட்பது நல்ல சோதனை. குளிரில் ஒழுகிச் சூட்டில் நின்றால், இரு முனையும் கட்டுண்ட குழாய் என்று முதலில் சந்தேகப்படுங்கள். அதிகாலையில் ‘டங் டங்’ என்று குழாய் அடிக்கும் சத்தமும் சேர்ந்து கேட்டால், அது தேங்கிய தண்ணீரை நீராவி தூக்கி எறியும் சத்தம். அது வேறு நோய், ஸ்டீம் ட்ராப்பைப் பாருங்கள். இந்த மாதிரிப் பிளேஞ்சைக் காலையில் ஸ்பேனர் போட்டு இறுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. போல்ட் நீளும், இழுவை அப்படியே இருக்கும்.

முதல் நாளில் இளகியது போல ஒவ்வொரு நாளும் இளகுமா என்றால், இல்லை. அடுத்த நாள் துண்டு 96 இழுவையில் ஆரம்பித்து 240 அமுக்கத்தில் முடிகிறது. மொத்தப் பயணம் அதே 336, இரண்டு எல்லைக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. குழாய் விதிநூல்கள் வெப்பத் தகைவை ஒரு தனி எண்ணாகப் பார்க்காமல், குளிரிலிருந்து சூடு வரையிலான வீச்சாகப் பார்ப்பது இதற்காகத்தான். நேரான உலோகம் இந்த வீச்சை நெடுநாள் தாங்கிவிடும். வெல்டின் ஓரம் தாங்காது. அங்கே வடிவம் திடீரென்று மாறுவதால் தகைவு கூடிக் குவியும். தினம் ஒருமுறை ஏறி இறங்கி, ஒருநாள் விரியும். போன மாதம் உங்களுக்கு விரிந்தது அப்படித்தான் இருக்க வேண்டும். அதே இடத்தில் மறுபடி வெல்ட் வைத்திருந்தால், நாள் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவே.

என்ன செய்வது? முதலில் ஹெடர் பக்கச் சுவரின் சிமெண்டை உடையுங்கள். குழாயும் அதன் லேக்கிங்கும் தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரில் பதித்து, ஸ்டீம் குழாயை அதன் வழியே சும்மா விடுங்கள். இடைவெளியை அடைக்க வேண்டுமென்றால் கண்ணாடிக் கம்பளி திணிக்கலாம், சிமெண்ட் கூடாது. இதோடு அந்த ஒரு மீட்டர் துண்டின் கதை முடிந்தது. அது இனி நெடுங்குழாயின் ஒரு பகுதி. ஹெடர் ஒரு பிடி, மெஷின் ஹால் சுவர் இன்னொரு பிடி, நடுவே 21 மீட்டர். ஹால் சுவரிலும் பூச்சை நம்பாமல் இரும்புக் கோணத்தில் வெல்ட் செய்த முறையான பிடிமானம் வையுங்கள்.

21 மீட்டரின் நீட்சி 35 மில்லிமீட்டர். இதை வாங்கிக்கொள்ள நடுவில் ஒரு யூ லூப். இரண்டு காலும் ஆளுக்குப் பாதியாக 17.5 மில்லிமீட்டர் வளைய வேண்டும். கால் நீளத்துக்கு இப்படிக் கணக்குப் பாருங்கள்:

L = √(3 E D δ / σ)

D குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர், δ 17.5, அனுமதிக்கும் தகைவு 140 என்று கொஞ்சம் அடக்கமாக வைத்தால் கால் நீளம் 2.1 மீட்டர் சொச்சம் வரும். 2.2 மீட்டர் வையுங்கள். இந்த லூப் இரண்டு முனையையும் தள்ளும் விசை சுமார் 110 கிலோ. 17 டன்னோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இது எல்போக்களின் நெகிழ்வைக் கணக்கில் எடுக்காத எளிய சூத்திரம். 2 அங்குல நேர்லைனுக்குப் போதும். கிளை பிரியும் லைனுக்கும் பெரிய குழாய்க்கும் கணினிப் பகுப்பாய்வு செய்யும் வடிவமைப்பாளரிடம் கொடுங்கள்.

லூப்பைப் படுக்கையாக வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் அதன் அடியில் தண்ணீர் தேங்கும், அங்கே ஒரு ஸ்டீம் ட்ராப் கட்டாயம். மூலைகளுக்கு முறையான நீள்ஆர எல்போ வாங்குங்கள். குழாயைச் சாய்வாக வெட்டி ஒட்டிய மூலை, வெல்ட் ஓரத்தில் விரியும் நோயை மறுபடி அழைத்து வரும். லேக்கிங் செய்பவரிடம், கால்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகரும், அவற்றைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கிளாம்ப் வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் இறுக்க அல்ல. நீளவாட்டில் சறுக்கவும் பக்கவாட்டில் ஓடாமல் இருக்கவும் வழிகாட்டியாக. யூ போல்ட்டைக் கோணத்தின் இரு பக்கமும் நட் போட்டு அதே இடத்தில் பூட்டினால், போல்ட்டுக்கும் குழாய்க்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். ஒற்றை நட் போட்டால் அடுத்த ஷிப்டில் யாராவது அதைக் கடைசி மரை வரை இறுக்கிவிடுவார்கள்.

லூப்புக்கு இடமில்லை, பெல்லோஸ் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடலாம்; ஆனால் பெல்லோஸ் தானே ஒரு விசையைக் கொண்டுவருகிறது. அதன் வளைகளின் சராசரி விட்டம் 8 சென்டிமீட்டர் என்றால், 50 சதுர சென்டிமீட்டரில் 7 கிலோ வீதம் 350 கிலோ இரண்டு முனையையும் எப்போதும் வெளியே தள்ளும். ஹைட்ரோ டெஸ்டில் ஒன்றரை மடங்கு. அதற்கான பிடிமானமும் பக்கத்திலேயே வழிகாட்டிகளும் இல்லையென்றால் பெல்லோஸ் கோணி நெளிந்துவிடும். சாயப்பட்டறைக்கு என் ஓட்டு லூப்புக்குத்தான். அதில் தேய்ந்து போகும் பாகம் எதுவும் இல்லை.

துரு பிடிக்கிறதே, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறிவிடலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும். வந்தால் மேலே போட்ட எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும். அது இரும்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் நீளும். ஒரு டிகிரிக்கு 2.4 என்பது 3.2 ஆகும், 21 மீட்டருக்கு நீட்சி 48 மில்லிமீட்டர், லூப்பின் காலும் அதற்கேற்ப நீள வேண்டும். இரும்பு லைனின் லூப்பை அப்படியே நகலெடுத்து எஸ்.எஸ். போடாதீர்கள்.

3.5 கிலோவுக்கு மேற்பட்ட ஸ்டீம் லைன் பாய்லர் விதிகளுக்குள் வருவது என்பதால், வெட்டி ஒட்டும் முன் வரைபடத்தைப் பாய்லர் ஆய்வுத் துறைக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். வெல்டரும் அதற்கான சான்று பெற்றவராக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும், குழாய் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு வழிகாட்டியிலும் குழாய் மேல் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். லேக்கிங் அதற்குப் பிறகுதான். முழு அழுத்தம் வந்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். ஹெடர் பக்கத்துக் கோடு சில மில்லிமீட்டரும், லூப்பை நெருங்க நெருங்க அதைவிட அதிகமும், லூப்பின் வாயில் 17 மில்லிமீட்டர் சுமாரும் நகர்ந்திருக்க வேண்டும். எங்காவது நகர்வு இந்த வரிசையைவிட்டுத் திடீரென்று குறைந்திருந்தால், அந்த இடத்தில் எதுவோ குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் யாரோ இறுக்கிய ஒரு யூ போல்ட்டாக இருக்கும்.